ஷாஃப்டை நாமே கடைந்தால் என்ன?

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் சின்னதாக ஒரு பம்ப்செட் கம்பெனிக்குள் நுழைந்தால் முழுப் பம்பும் அங்கேயே பிறப்பதைப் பார்க்க முடியாது. வார்ப்பு ஏதோ ஒரு ஃபவுண்டரியிலிருந்து வரும். ஷாஃப்ட் இரண்டு தெரு தள்ளியுள்ள கடைசல் பட்டறையிலிருந்து வரும். பெயர்ப்பலகைகூட வெளியிலிருந்துதான். கம்பெனிக்காரர் அவற்றைப் பூட்டி, ஓட்டிப் பார்த்து, பெயின்ட் அடித்து அனுப்புகிறார். 'ஜாப் ஒர்க்' என்ற சொல் இல்லாமல் அந்த ஊரில் ஒரு நாளும் விடியாது.

அப்படிப்பட்ட ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். வருடத்துக்கு 30,000 ஷாஃப்ட் தேவை. இரும்புத் தடியை இவர்களே வாங்கி அனுப்புகிறார்கள். கடைந்து திருப்பித் தரும் பட்டறைக்கு வண்டி வாடகை உட்பட ஒன்றுக்கு 40 ரூபாய் கூலி. வருடத்துக்கு 12 லட்சம். முதலாளியின் மகன் ஒரு சிஎன்சி லேத்துக்குக் கொட்டேஷன் வாங்கி வந்திருக்கிறார். கொண்டுவந்து இறக்கி, நிறுத்தி, ஓட்டிக் காட்டுவது வரை 22 லட்சம். எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுதாக்கியிருக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சு அந்த ஊரில் எத்தனையோ மேசைகளில் நடப்பதுதான்.

மகனின் கணக்கு ஒரே தாளில் முடிந்துவிட்டது. ஆபரேட்டர் சம்பளம் போனஸ், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் சேர்த்து வருடம் 3 லட்சம். இன்செர்ட், கூலண்ட் வகையில் ஷாஃப்டுக்கு 4 ரூபாய் வீதம் 1 லட்சத்து 20 ஆயிரம். மின்சாரம் 18,000 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 1 லட்சத்து 44 ஆயிரம். பராமரிப்பு 60 ஆயிரம். இவற்றோடு தேய்மானம்: ஐந்து வருடம் கழித்து இயந்திரம் 6 லட்சத்துக்குப் போகும் என்று கொண்டால், மீதி 16 லட்சத்தை ஐந்தால் வகுக்க வருடத்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம். எல்லாவற்றையும் கூட்டி 30,000-ஆல் வகுத்தால் ஷாஃப்டுக்கு 31 ரூபாய் 47 பைசா. "எட்டரை ரூபா மிச்சம்ப்பா. வருஷத்துக்கு ரெண்டரை லட்சம்."

கணக்குப்பிள்ளைக்கு இதில் ஒப்புதல் இல்லை. "தம்பி, மேனேஜர் சம்பளம், ஆபீஸ் செலவு இதுலெல்லாம் லேத்துக்கு ஒரு பங்கு போட வேண்டாமுங்களா?" என்று 2 லட்சத்து 70 ஆயிரத்தைச் சேர்த்தார். இப்போது 40 ரூபாய் 47 பைசா. வெளியில் கொடுப்பதே மேல்!

இரண்டு தாளிலும் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டுமே வேறொரு கேள்விக்கான பதில்கள். ஒரு ஷாஃப்டின் அடக்கவிலை என்ன என்பது அந்தக் கேள்வி. விலைப் பட்டியல் போட, வருடக் கடைசியில் சரக்கை மதிப்பிட அது தேவை. லேத் வாங்கலாமா என்று தீர்மானிக்க வேண்டியவர் கேட்க வேண்டியது வேறு. வாங்கினால் எந்த ரூபாய் கையைவிட்டுப் போகும், வாங்காவிட்டால் எந்த ரூபாய் போகும்? இரண்டிலும் ஒரே மாதிரி போகிற ரூபாயைத் தாளில் எழுதவே வேண்டாம்.

இந்தச் சல்லடையில் மேனேஜர் சம்பளம் முதலிலேயே நின்றுவிடும். லேத் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு அதே சம்பளம். புதிதாக ஒரு சூப்பர்வைசரை வைக்க வேண்டியிருந்தால் அந்தச் சம்பளத்தைச் சேர்க்கலாம். இருக்கிறவரைத் துண்டு போட்டுச் சேர்க்கக் கூடாது. இரும்புத் தடியின் விலையும் இப்படித்தான், யார் கடைந்தாலும் தடி நம்முடையது. வேறொரு யோசனையில் போன வருடம் ஷெட்டுக்குள் போட்ட காங்கிரீட் தளத்துக்கு 80 ஆயிரம் செலவானது. 'அது வீணாகிடுமே' என்று மகனுக்கு ஆதங்கம். போன பணம் போனதுதான். எந்த முடிவெடுத்தாலும் அது திரும்பி வராது என்பதால் கணக்கில் அதற்கு இடமில்லை. ஜிஎஸ்டியை வரவு வைத்துக்கொள்ளும் கம்பெனிக்கு அதுவும் கிட்டத்தட்ட அப்படியே. கூலிக்கும் இயந்திரத்துக்கும் கட்டும் வரி கொஞ்ச நாளில் உள்ளே வந்துவிடும்.

தேய்மானத்தில்தான் பலருக்கும் குழப்பம். 3 லட்சத்து 20 ஆயிரத்தை யாருக்கும் காசோலையாக எழுதிக் கொடுப்பதில்லை. 22 லட்சம் முதல் நாளே போய்விடுகிறது, 6 லட்சம் ஐந்தாம் வருடக் கடைசியில் திரும்புகிறது. அந்த இரண்டையும் அவை நடக்கும் தேதியில் எழுதிவிட்டால் தேய்மானத்துக்கு வேலையில்லை. இரண்டையும் எழுதினால் ஒரே செலவை இரண்டு தடவை எழுதியதாகும்.

மாறாக, இருவருமே எழுதாத ஒரு செலவு உண்டு. லேத் நிற்கப்போகும் மூலையை இப்போது பக்கத்துக் கம்பெனிக்காரர் சரக்கு வைக்க எடுத்திருக்கிறார், மாதம் 6,000 ரூபாய் வாடகை. லேத் வந்தால் அவரைக் காலி செய்யச் சொல்ல வேண்டும். பில் எதுவும் வராத செலவு இது. ஆனாலும் வருடத்துக்கு 72 ஆயிரம் நிற்கிறது. அந்த மூலை சும்மா கிடந்திருந்தால் பூஜ்யம் என்றே எழுதலாம்.

ஆக, நாமே கடைந்தால் வருடத்துக்குக் கையைவிட்டுப் போவது 6 லட்சத்து 96 ஆயிரம். வெளியில் கொடுத்தால் 12 லட்சம். மிச்சம் 5 லட்சத்து 4 ஆயிரம். ஐந்து வருடத்துக்கு 25 லட்சத்து 20 ஆயிரம், பழைய இயந்திரம் விற்ற காசு 6 லட்சம், மொத்தம் 31 லட்சத்து 20 ஆயிரம். போட்டது 22 லட்சம். ஒன்பது லட்சத்துக்கு மேல் லாபம் என்று மனம் குதிக்கும்.

குதிக்கும் முன் தேதியைப் பார்க்க வேண்டும். 22 லட்சம் இன்றைய பணம். மிச்சமாவது வரப்போகும் வருடங்களின் பணம். இந்தக் கம்பெனியில் பணத்துக்கு வருடம் 14 சதவீதம் விலை என்று வைப்போம். வங்கிக் கடனின் வட்டியும், சொந்தப் பணத்தை வேறு வகையில் போட்டால் இந்தத் தொழிலில் எதிர்பார்க்கும் வருமானமும் சேர்ந்த கலவை அது. அப்படியானால் இன்றைய 100 ரூபாய் அடுத்த வருடம் 114 ஆக வேண்டும். திருப்பிச் சொன்னால், அடுத்த வருடம் வரும் 100 ரூபாய்க்கு இன்று 87 ரூபாய் 72 பைசாதான் மதிப்பு. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு முறை 1.14-ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். ஐந்தாம் வருட 100 ரூபாய் 52 ரூபாய்க்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும்.

முதல் வருடத்து மிச்சமான 5 லட்சத்து 4 ஆயிரம் இன்றைய மதிப்பில் 4 லட்சத்து 42 ஆயிரம். ஐந்தாம் வருடத்து அதே மிச்சம் 2 லட்சத்து 62 ஆயிரம். ஐந்தையும் கூட்டினால் 17 லட்சத்து 30 ஆயிரம். இயந்திரம் விற்ற 6 லட்சம் 3 லட்சத்து 12 ஆயிரமாகச் சுருங்கும். ஆகமொத்தம் 20 லட்சத்து 42 ஆயிரம். அதற்காக இன்று கொடுப்பது 22 லட்சம். ஒன்பது லட்ச லாபம் என்று தெரிந்தது 1 லட்சத்து 58 ஆயிரம் நஷ்டமாகிவிட்டது. இரண்டு வழிகளையும் தனித்தனியாகப் போட்டாலும் இதே வித்தியாசம் வரும்: வெளியில் கொடுப்பதன் இன்றைய மதிப்பு 41 லட்சத்து 20 ஆயிரம், நாமே செய்வதன் இன்றைய மதிப்பு 42 லட்சத்து 78 ஆயிரம்.

இங்கே கணக்குப்பிள்ளை இன்னொரு தாளை நீட்டினார். வங்கிக் கடன் எடுத்தால் கட்ட வேண்டிய மாதத் தவணை. அதையும் செலவில் சேர்க்கலாமென்பது அவர் எண்ணம். சேர்க்கக் கூடாது. 14 சதவீதத்தால் வகுத்தபோதே வட்டியை வாங்கிக்கொண்டாகிவிட்டது. தவணையையும் கழித்தால் வட்டிக்கு வட்டி கட்டுகிற கதை. தவணைத் தாள் வேறொன்றுக்கு உதவும், மாதா மாதம் கையில் காசு இருக்குமா என்று பார்க்க. அதுவும் முக்கியம்தான், ஆனால் தனிக் கேள்வி.

இந்த அளவில் கொட்டேஷனை மடித்து வைத்திருப்பார்கள். ஆனால் கடைசல் பட்டறைக்குப் போய் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தடி சுழல, நீலம் பாரித்த இரும்புச் சுருள் உதிர்ந்து தட்டில் விழும். சாயங்காலம் அதை மண்வாரியால் அள்ளிச் சாக்கில் கட்டுவார்கள். இந்தச் சாக்கு யாருடையது? தடி நம்முடையது என்பதால் சுருளும் நம்முடையதுதான். ஆனால் பல இடங்களில் யாரும் பேசாமலேயே அது பட்டறைக்காரரிடம் தங்கிவிடும். கூலியில் ஒரு பகுதியாகவே அவரும் அதை நினைத்திருப்பார்.

ஷாஃப்டுக்கு 100 கிராம் சுருள் என்றால் வருடத்துக்கு 3,000 கிலோ. கிலோ 25 ரூபாய்க்குப் போனால் 75 ஆயிரம். நாமே கடைந்தால் இது நம் கைக்கு வரும். ஐந்து வருடத்துக்கு இதன் இன்றைய மதிப்பு 2 லட்சத்து 57 ஆயிரம். ஒன்றரை லட்ச நஷ்டம் ஏறக்குறைய ஒரு லட்ச லாபமாகத் திரும்பிவிட்டது! இரண்டு தாளிலும் இல்லாத ஒரு சாக்குச் சுருள் முடிவையே மாற்றுகிறது. இந்த மாதிரிக் கணக்குகள் தவறுவது பெரும்பாலும் வகுத்தலில் அல்ல, எழுதாமல் விட்ட வரியில்தான். பேரிங் உட்காரும் இடம் சில மைக்ரான் தவறினால் ஷாஃப்ட் கழிவுக்குப் போகும். அப்போது வீணான தடியின் விலை யார் தலையில் விழுகிறது என்பதும் அப்படி விடுபடுகிற இன்னொரு வரி. புது ஆபரேட்டர் கை பழகும் வரை நம் பக்கமும் கழிவு கூடவே இருக்கும்.

சரி, ஒரு லட்சம் லாபம். வாங்கிவிடலாமா? இந்த இடத்தில் நான் எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன். 30,000 என்பது இன்றைய ஆர்டர். சுருளையும் சேர்த்த பிறகு லாபமும் நஷ்டமும் சமமாகிற இடம் சுமார் 29,100 ஷாஃப்ட். மூன்று சதவீதம் விற்பனை குறைந்தாலே லாபம் காலி. மழை நன்றாகப் பெய்து கிணறுகள் நிரம்பிய வருடத்தில் விவசாய பம்பின் விற்பனை எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். ஐந்து வருடமும் 24,000-தான் போகிறது என்றால் நஷ்டம் ஏறக்குறைய 6 லட்சம்.

விற்பனை ஏறினால் அதே அளவு லாபம் ஏறும் என்று எண்ணுவோம். ஏறாது. ஒரு ஷாஃப்டுக்கு நாலு நிமிடம், ஒரு ஷிஃப்டில் இயந்திரம் உண்மையில் ஓடுவது ஏழு மணி நேரம், வருடத்தில் 300 நாள். பெருக்கினால் 31,500. அந்த உச்சத்தில் ஓடினாலும் லாபம் 2 லட்சத்து 70 ஆயிரத்தைச் சுற்றித்தான். அதற்கு மேல் போனால் ஓவர்டைம், இல்லையென்றால் இரண்டாவது ஆபரேட்டர், இன்னொரு 3 லட்சம். கீழே விழுந்தால் ஆறு, மேலே ஏறினால் இரண்டே முக்கால். வெளியில் கொடுக்கும்போது இந்தச் சாய்வு இல்லை, ஆர்டர் குறைந்தால் கூலியும் குறைந்துவிடும். விற்பனை விழும் அபாயம் முழுவதும் பட்டறைக்காரர் தோளில் இருக்கிறது. அவர் பத்துக் கம்பெனிக்கு வேலை செய்வதால் அதைத் தாங்க முடிகிறது.

'மீதி ஷிஃப்டில் நாமும் வெளி வேலை எடுக்கலாமே' என்பார்கள். எடுக்கலாம். ஆனால் அது பம்ப் தொழில் அல்ல, ஜாப் ஒர்க் தொழில். அதற்கு ஆள் பிடித்து, வேலை பிடித்து, பாக்கி வசூலிக்க வேண்டும். அந்த வருமானத்தைத் தனித் தாளில் எழுதி, நம்புகிற அளவுக்கு மட்டும் சேர்ப்பது நல்லது.

விலைவாசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 14 சதவீதம் என்ற வீதத்துக்குள் விலையேற்றமும் ஒளிந்திருக்கிறது. அப்படியிருக்க, ஐந்து வருடமும் கூலி 40 ரூபாயிலேயே நிற்கும் என்று போடுவது இயந்திரத்துக்கு அநியாயம். கூலியும் நம் செலவுகளும் வருடம் 4 சதவீதம் சேர்ந்து ஏறினால் இயந்திரத்தின் பக்கம் 1 லட்சத்து 25 ஆயிரம் கூடும். ஆனால் கோவையில் ஜாப் ஒர்க் செய்பவர்களின் ஓயாத குறையே கூலி உயர்வதில்லை என்பதுதான். கூலி அசையாமல் நின்று, நம் ஆபரேட்டர் சம்பளம் மட்டும் வருடம் 7 சதவீதம் ஏறினால் 1 லட்சத்து 34 ஆயிரம் மறுபக்கம் போய்விடும். எது நடக்கும் என்பது கணக்கிலிருந்து வராது, ஊர் நிலவரத்திலிருந்துதான் வரும்.

வருமான வரியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். செலவு மிச்சமானால் லாபம் கூடும், அதற்கு வரி உண்டு. தேய்மானம் பணச்செலவாக வெளியே போகாவிட்டாலும், வரி வழியாகக் கணக்குக்குள் வருகிறது. சாதாரண இயந்திரங்களுக்கு மீதமுள்ள மதிப்பில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். முதல் வருடம் 3 லட்சத்து 30 ஆயிரம். 25 சதவீத வரி என்றால் 82,500 ரூபாய் வரி மிச்சம். அந்த நிதியாண்டில் இயந்திரம் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் இதில் பாதிதான். அக்டோபர் பாதியில் இயந்திரத்தை இறக்குபவர் இதைத் தெரிந்துதான் இறக்க வேண்டும். வரிக்குப் பிந்தைய பணத்தை எழுதினால் வகுக்கும் வீதத்தையும் வரிக்குப் பிந்தையதாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் தராசு சாயும்.

ஒரு கம்பெனி எதைத் தானே செய்ய வேண்டும், எதைச் சந்தையில் வாங்க வேண்டும் என்று ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1937-இல் ஒரு கட்டுரை எழுதினார். 1991-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. சந்தைக்குப் போவதற்கே ஒரு செலவு இருக்கிறது என்றார் அவர். ஆள் தேடுவது, பேரம் பேசுவது, சொன்ன தேதிக்கு வருகிறதா என்று பின்னாலேயே அலைவது. நம் கம்பெனியில் இதெல்லாம் முதலாளியின் ஃபோனில் நடக்கிறது. சீசன் நேரத்தில் ஷாஃப்ட் வராமல் அசெம்பிளி ஒரு நாள் நின்றால் என்ன இழப்பு என்று எண்ணால் எழுத முடிந்தால் எழுத வேண்டும். முடியாவிட்டால் இப்படித் திருப்பிக் கேட்கலாம்: இந்தத் தொல்லை வருடத்துக்கு எவ்வளவு ரூபாய்க்குச் சமமானால் நம் முடிவு மாறும்?

இதே திருப்பிக் கேட்கும் முறைதான் கடைசியில் முதலாளிக்குக் கை கொடுத்தது. ஒரு லட்ச லாபத்தை ஐந்து வருடத்துக்குப் பரப்பினால் வருடத்துக்குச் சுமார் 29 ஆயிரம், ஷாஃப்டுக்கு ஒரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதாவது சுருள் பட்டறைக்காரரிடமே இருந்தாலும், கூலி 39 ரூபாயானால் இரண்டு வழியும் சமம். அதற்குக் கீழே வந்தால் 22 லட்சத்தை முடக்க வேண்டியதில்லை.

பட்டறைக்காரரிடம் பேசும்போது அவர் கேட்டது பணத்தை அல்ல, நாளை. "அண்ணா, நாப்பத்தஞ்சு நாள் கழிச்சுக் குடுக்கறத முப்பதுக்குக் கொண்டாங்க, ரேட்டப் பாத்துக்கலாம்." சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது, அந்தக் கடைசி நாள் வரை இழுப்பதுதான் பழக்கம். 15 நாள் முன்னதாகக் கொடுப்பதால் நம் கம்பெனிக்கு 14 சதவீதக் கணக்கில் ஆகும் செலவு ஷாஃப்டுக்கு 23 பைசா. இதைவிட அதிக வட்டிக்கு வெளியில் வாங்கும் பட்டறைக்காரருக்கு அதே 15 நாள் இன்னும் பெரிய தொகை. 38 ரூபாய் 50 பைசாவுக்கு ஒத்துக்கொண்டார். 23 பைசாவைச் சேர்த்தாலும் 38 ரூபாய் 73 பைசாதான். மகன் அந்தக் கொட்டேஷனைக் கிழிக்கவில்லை. ஆர்டர் இரண்டு ஷிஃப்டுக்குப் போதுமான அளவு வந்தால் இரண்டு ஆபரேட்டர் சம்பளத்தோடு கணக்கை மறுபடி போடுவதென்று முடிவாயிற்று. அதற்குள் கூலி ஏறியிருந்தால் அதையும் சேர்த்து.